'அட்மிஷன் தேவையில்லை' என்று கிளெய்மை மறுத்தால்

டெங்குவுக்காக மூன்று நாள் மருத்துவமனையில் இருந்த ஒருவர் கிளெய்ம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'நோயாளி சீரான நிலையில் இருந்தார், வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றிருக்கலாம்' என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிடுகிறது. பெரும்பாலும் இந்த வாசகம் டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்தே வருகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் தாளில் 'நிலை சீராக உள்ளது' என்றுதான் இருக்கும். சேர்த்த இரவில் அவர் எப்படி இருந்தார் என்பது கேஸ் ஷீட்டில்தான் தெரியும்.

எனவே கடிதம் எழுதும் முன் கேஸ் ஷீட்டின் முழு நகலை மருத்துவமனையில் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

அடுத்து பாலிசியில் 'மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சை' என்பதற்கான விளக்கத்தைப் பாருங்கள். சிகிச்சை அந்த நோய்க்குத் தேவையானதாக, தேவைக்கு மிஞ்சாததாக, மருத்துவர் பரிந்துரைத்ததாக, ஏற்கப்பட்ட மருத்துவ நெறிக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். கடிதம் இந்த நான்குக்கும் கேஸ் ஷீட்டிலிருந்து பதில் சொன்னால் போதும்.

நம் நோயாளிக்குக் காய்ச்சலின் நான்காம் நாள் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி. தட்டணுக்கள் 68,000-க்கு இறங்கிவிட்டன. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 35-லிருந்து 42 ஆனது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்பதன் அடையாளம் இது. இவற்றை உலக சுகாதார நிறுவனம் டெங்குவின் எச்சரிக்கைக் குறிகளாகப் பட்டியலிட்டு, மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கச் சொல்கிறது. காய்ச்சல் தணியும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். 'வாந்தியால் வாய்வழி நீர் நிற்கவில்லை. நரம்பு வழியே திரவம் ஏற்றி, ஹெமட்டோகிரிட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து அளவை மாற்றினார்கள்' என்று தேதி, நேரம், பக்க எண்ணோடு எழுதுங்கள்.

டாக்டரிடமும் ஒரு சான்று வாங்குங்கள். 'அட்மிஷன் தேவைப்பட்டது' என்ற ஒற்றை வரி உதவாது. வீட்டில் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும், எந்தக் குறியைப் பார்த்துச் சேர்த்தார் என்று சொல்லவேண்டும். சான்றில் இன்றைய தேதிதான் இருக்கவேண்டும். பழைய குறிப்பைத் திருத்தினால் கிளெய்ம் முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். கேஸ் ஷீட்டில் பரிசோதனைகளும் மாத்திரைகளும் மட்டுமே இருந்தால் எந்தக் கடிதமும் எடுபடாது. பரிசோதனைக்காக மட்டும் சேர்வதைப் பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன.

கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமோ வக்கீலோ வேண்டியதில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுதாமல் வந்தால் அவர் மனுவை ஏற்கமாட்டார்.