மேல்படி மட்டும் ஏன் மஞ்சள்?

போன நவராத்திரிக்கு வீட்டுக் கொலுவில் ஐந்து படிக்கும் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினேன். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக நிறம் சொல்லக்கூடிய வகை அது. WS2812B என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். 5 மீட்டர் ரோல், மீட்டருக்கு 60 விளக்கு, மொத்தம் 300. படிக்கு ஒரு மீட்டராக வெட்டி, முனைகளை மூன்று ஒயரால் கோத்துக் கீழிருந்து மேலே கொண்டுபோனேன். வெள்ளை நிறம் போட்டதும் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கலசம் இருக்கிற படிக்கு மட்டும் ஏன்டா மஞ்சள் பூசின மாதிரி இருக்கு?"

கீழ்ப்படி பால் வெள்ளை, மூன்றாவது படி இளமஞ்சள், மேல்படி ஏறக்குறைய ஆரஞ்சு. சப்ளை பற்றவில்லை என்று சொல்லவும் வழியில்லை. கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருந்தேன். ஒரு விளக்குக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உண்டு. ஒவ்வொன்றும் முழு வெளிச்சத்தில் சுமார் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும். மூன்றும் சேர்ந்து 60. 300 விளக்குக்கு 18 ஆம்பியர். அதற்காக 5 வோல்ட், 20 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கிக் கீழ்ப்படிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

மல்ட்டிமீட்டரை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். சப்ளையில் சரியாக 5 வோல்ட். மேல்படியின் கடைசி விளக்கில் 3.4. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மாடிக் குழாயில் சொட்டுகிற கதைதான். ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் செம்புத் தகடு காகிதம் போல மெல்லியது. அத்தனை விளக்குக்கும் போக வேண்டிய மின்சாரம் அந்த ஒற்றை வழியாகத்தான் போகிறது. போகிற வழியிலேயே வோல்ட்டேஜ் கரைகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். அதனால் வோல்ட்டேஜ் இறங்கும்போது முதலில் நீலம் மங்கும், பிறகு பச்சை. மிஞ்சுவது சிவப்பு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக நிறம் மாறினால் நோய் மின்சாரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

மருந்து, பெரிய சப்ளை இல்லை, கூடுதல் வழி. ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் கொடுத்தால் ஒவ்வொரு முனையும் பாதி விளக்குக்குப் பாதி தூரம் மட்டும் சுமக்கிறது. பாதி மின்சாரம், பாதி தூரம். அதனால் வோல்ட்டேஜ் இழப்பு பாதியாக இல்லை, கால் பங்காகவே குறைகிறது. நான் கொலுவின் ஓரத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயரை இரட்டையாக மேலே கொண்டுபோய், ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் ஒரு கிளை எடுத்துச் சேர்த்தேன். டேட்டா ஒயரைத் தொடவே இல்லை, அது பழையபடி கீழிருந்து மேலே வரிசையாகவே போகிறது. அந்த ஒயரிலும் இழப்பு உண்டு: 2 மீட்டர் போய் 2 மீட்டர் திரும்பினால் 5 ஆம்பியருக்குக் கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. இது தாங்கும். கடையில் ஸ்ட்ரிப்போடு தரும் நூல் போன்ற ஒயரைப் போட்டிருந்தால் செய்த வேலை வீண். மேல்படியில் மறுபடி அளந்தபோது 4.7 வந்தது.

அப்போதுதான் 20 ஆம்பியர் சப்ளை எதற்கு என்ற கேள்வி வந்தது. கொலுவில் யாரும் 300 விளக்கையும் முழு வெள்ளையில் வைப்பதில்லை. வைத்தால் பொம்மையைப் பார்க்க முடியாது, கண் கூசும். நிறங்கள் ஓடும்போது சராசரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 ஆம்பியர் போதும். ஆனால் சராசரியை நம்பிச் சப்ளை வாங்கினால், யாராவது வெள்ளைப் பொத்தானை அமுக்கியதும் அது மூச்சடைத்து நின்றுவிடும். அதனால் உச்சவரம்பை நிரலிலேயே கட்டிவிட வேண்டும். FastLED நூலகத்தில் அதற்கு ஒரே வரி:

```
FastLED.setMaxPowerInVoltsAndMilliamps(5, 8000);
```

8 ஆம்பியரைத் தாண்டும் என்று தெரிந்தால் எல்லா விளக்கையும் ஒன்றுபோல் மங்கலாக்கிவிடும். இது அளந்து பார்ப்பதில்லை, நிறங்களை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் சப்ளையில் கொஞ்சம் இடம் விட வேண்டும். 8-க்கு 10 ஆம்பியர் சரியான அளவு. 20 ஆம்பியர் சப்ளை ஸ்ட்ரிப்பை எரித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, ஸ்ட்ரிப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். ஆபத்து ஷார்ட் ஆகும்போதுதான். பெரிய சப்ளை தயங்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும், ஒயர் பழுக்கும், மேலே கொலுவின் துணி. அதனால் கிளைக்கு ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன், சப்ளையைப் படிக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துக் காற்றாட வைத்தேன்.

இன்னொரு நோய் வேறு மாதிரி வந்தது. ஆர்டுயினோவில் ரிமோட் வைத்திருந்தேன். நிறம் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டை எத்தனை அமுக்கினாலும் கேட்காது. காரணம் இந்த விளக்குகளின் மொழி. தாளம் சொல்ல இன்னொரு ஒயர் கிடையாது, ஒலிப்பின் நீளம்தான் எழுத்து. நம் குறில், நெடில் மாதிரியே. சுமார் 0.4 மைக்ரோ விநாடி நீடித்தால் 0. அதன் இரட்டிப்பு, 0.8, நீடித்தால் 1. பிழைக்கு இடம் 0.15 மட்டுமே. ஒரு விளக்குக்கு இப்படி 24 எழுத்து. முதல் விளக்கு தன் 24-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குக் கடத்தும், பந்தியில் இலைக்கட்டைக் கைமாற்றுவது போல. கொஞ்ச நேரம் மௌனம் வந்தால் வாக்கியம் முடிந்தது என்று எல்லாம் நிறம் மாற்றும். புது சிப்புகளுக்கு அந்த மௌனம் 280 மைக்ரோ விநாடிக்கு மேல் வேண்டும்.

ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ விநாடி, 300-க்கு 9 மில்லி விநாடி. அந்த நேரம் முழுக்க ஆர்டுயினோ ஊனோ காதைப் பொத்திக்கொண்டு பேசுகிறது, குறுக்கீடு வந்தால் குறில் நெடிலாகிவிடுமே. ரிமோட்டின் துடிப்பு அந்த இடைவெளியில் தொலைந்துபோகும். இஎஸ்பி32-க்கு மாறினேன். துடிப்பை எண்ணி அனுப்ப அதில் தனி வன்பொருள் இருக்கிறது, செயலி தன் வேலையைப் பார்க்கலாம்.

மாறியதும் ஒரு வேடிக்கை. பளிச்சென்று எரியும்போது ஒழுங்காக ஓடுகிறது, மங்கலாக்கினால் கண்டபடி மின்னுகிறது. மின்சாரக் கோளாறு என்றால் நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்! விளக்கு ஒரு துடிப்பை உயர்வு என்று ஏற்க, தன் வோல்ட்டேஜில் 70 சதவீதம் வேண்டும். 5 வோல்ட்டுக்கு 3.5. இஎஸ்பி32 தருவது 3.3. பளிச்சென்று எரியும்போது முதல் விளக்கில் வோல்ட்டேஜ் 4.6-க்கு இறங்கும், தேவை 3.2 ஆகிவிடும், 3.3 தப்பிப் பிழைக்கும். மங்கலாக்கினால் வோல்ட்டேஜ் ஏறும், தேவையும் ஏறிவிடும். 74AHCT125 என்ற சிறு சிப் ஒன்றை இடையில் வைத்து 3.3-ஐ 5 ஆக்கினேன், அதோடு தீர்ந்தது. முதல் விளக்கு வரைதான் இந்தக் கவலை. அதன் பிறகு ஒவ்வொரு விளக்கும் துடிப்பைத் திருத்தித்தான் அனுப்புகிறது.

எனவே திடீரென்று, தாறுமாறாக மின்னினால் டேட்டா ஒயரைப் பாருங்கள்; முதலில் கட்டுப்பாட்டுப் பலகையின் கிரவுண்டும் ஸ்ட்ரிப்பின் கிரவுண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். தூரம் போகப்போக மஞ்சளானால் மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கடைசி விளக்குக்குப் போங்கள். அங்கே 4.5-க்குக் கீழே காட்டினால், இன்னொரு கிளை ஒயர் வாங்குங்கள். இன்னொரு சப்ளை வேண்டாம்.