ஒரே குரல், நான்கு நோய்ப் பெயர்கள்

1960களின் இறுதியில் நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள் ஆய்வாளர்கள். நியூயார்க்கில் மனச்சிதைவு என்று பதிவானவர்கள் ஏராளமாக இருந்தார்கள். லண்டனில் அவ்வளவு பேர் இல்லை. நோய் உண்மையிலேயே அங்கே அதிகமா, அல்லது மருத்துவர்கள் பெயரிடும் முறைதான் வேறா? இரு நாட்டு மருத்துவர்களுக்கும் ஒரே நோயாளிகளின் வீடியோப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவரைப் பார்த்துப் பெரும்பாலான அமெரிக்க மருத்துவர்கள் மனச்சிதைவு என்றார்கள். அவரையே பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். நோயாளிகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை, வேறுபட்டது கண்டறியும் அளவுகோல்தான் என்ற முடிவு 1972இல் வெளியானது.

பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும். அமெரிக்காவில் 1970இல் லித்தியத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. பித்து நிலைக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து அது. மனச்சிதைவு என்று தவறாக எழுதப்பட்ட பித்து நோயாளிக்கு அது கிடைக்காமலே போய்விடும்.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 1980இல் விடை தந்தது. ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் தயாரான டி.எஸ்.எம். கையேட்டின் மூன்றாம் பதிப்பு, அறிகுறிகளைப் பட்டியலிட்டதோடு நிற்காமல் கால அளவையும் நிபந்தனையாக்கியது. மனச்சிதைவு என்று சொல்ல 6 மாதம் வேண்டும் என்ற விதி அதில்தான் வந்தது. இன்று உளவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வகைப்பாட்டு அட்டவணையின் வேர் அங்கே இருக்கிறது. தேர்வில் அதிகம் பேர் தடுமாறும் பகுதியை மட்டும், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி பார்க்கலாம்.

| நோய் | கால அளவு | பிரித்துக் காட்டுவது |
|---|---|---|
| குறுகிய கால சைக்கோசிஸ் | 1 நாள் முதல் 1 மாதத்துக்குள் | பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது |
| ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம் | 1 மாதம் முதல் 6 மாதத்துக்குள் | அறிகுறிகள் மனச்சிதைவுடையவை, காலம் குறைவு |
| மனச்சிதைவு | 6 மாதமோ அதற்கு மேலோ | வேலை, படிப்பு, உறவு, தன் பராமரிப்பு ஆகியவற்றில் சரிவு |
| ஸ்கிசோஅஃபெக்டிவ் | மனநிலைக் கோளாறு இல்லாமல் 2 வாரமாவது பிரமை அல்லது பொய் நம்பிக்கை | நோய்க் காலத்தின் பெரும்பகுதியில் மனநிலைக் கோளாறும் இருப்பது |

நான்கிலும் தலைகாட்டக்கூடியவை ஒரே அறிகுறிகள். யாரும் பேசாமலே குரல் கேட்பது போன்ற பிரமை, எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாத பொய் நம்பிக்கை, கோர்வையற்ற பேச்சு, தாறுமாறான நடத்தை. ஐந்தாவதாக, முகத்தில் உணர்ச்சி வற்றுவதும் எதிலும் நாட்டம் இல்லாமல் போவதும் எதிர்மறை அறிகுறிகள் எனப்படும். மனச்சிதைவுக்கு இந்த ஐந்தில் இரண்டு, ஒரு மாதத்தின் கணிசமான பகுதியில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது முதல் மூன்றில் ஒன்றாக இருப்பது கட்டாயம்.

தேர்வுத்தாளில் வரக்கூடிய ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர், வயது 20. ஜனவரி தொடக்கத்திலிருந்து வகுப்புக்குப் போவதில்லை, குளிப்பது குறைந்தது, நண்பர்களிடம் பேச்சில்லை, யாரைப் பார்த்தாலும் லேசான சந்தேகம். ஏப்ரல் 1 முதல் தன்னைத் திட்டும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. பக்கத்து வீட்டார் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறார். மே 10ஆம் தேதி வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார்கள். போதைப் பழக்கம் இல்லை, வேறு உடல்நோய் இல்லை, சோர்வு நோயும் பித்து நிலையும் இல்லை.

குரல்களும் பொய் நம்பிக்கையும் தொடங்கி 40 நாள் ஆகிவிட்டதால் குறுகிய கால சைக்கோசிஸ் அடிபட்டுப் போகிறது. மொத்தக் காலம் நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம். 6 மாதம் ஆகவில்லை. ஆகவே மே 10 அன்று எழுத வேண்டியது ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம். நோயாளி இன்னும் குணமாகவில்லை என்பதால் பக்கத்தில் 'தற்காலிகம்' என்ற சொல்லும் சேரும்.

இனி, பலரும் சறுக்கும் இடம். ஜூலை தொடக்கத்திலும் அவர் தேறவில்லை என்றால் பெயர் என்ன? ஏப்ரலிலிருந்து எண்ணும் மாணவர், மூன்று மாதம்தானே ஆகிறது என்று பழைய பெயரையே எழுதுவார். ஆனால் கணக்கு ஜனவரியிலிருந்து தொடங்குகிறது. குரல் கேட்பதற்கு முன் வந்த ஒதுங்கலும் சந்தேகமும் முன்னறிகுறிக் கட்டம். தீவிரம் தணிந்த பிறகு மிஞ்சுவது எச்சக் கட்டம். 6 மாதக் கணக்கில் இரண்டும் சேரும். எனவே ஜூலையில் அது மனச்சிதைவு. குரல்கள் 6 மாதம் இடைவிடாமல் கேட்டிருக்க வேண்டும் என்பது இந்தப் பாடத்தில் பரவலான தவறான புரிதல்.

அடுத்த குழப்பம் மனநிலைக் கோளாறுகளோடு. மேலே சொன்ன மாணவரின் கதையைச் சற்று மாற்றுவோம். ஏப்ரலில் அவருக்குத் தூக்கமே தேவைப்படவில்லை, பேச்சு நிற்கவில்லை, உலகையே மாற்றும் சக்தி தனக்கு இருப்பதாகச் சொல்கிறார். கூடவே குரல்களும் கேட்கின்றன. பித்து தணிந்ததும் குரல்களும் நின்றுவிட்டால் அது சைக்கோசிஸ் அறிகுறிகள் கொண்ட பைபோலார் கோளாறு. பித்து முழுதாக அடங்கிய பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ குரல்கள் தனியே தொடர்ந்தால் ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற திசையில் யோசிக்க வேண்டும். ஆனால் மொத்த நோய்க் காலத்தில் மனநிலைக் கோளாறு கொஞ்ச காலமே இருந்திருந்தால் பதில் மறுபடி மனச்சிதைவை நோக்கிப் போகும். ஆகவே இந்த இணைகளைப் பிரிக்க, குரலுக்கு ஒரு கோடு, மனநிலைக்கு ஒரு கோடு என்று மாதவாரியாக வரைந்து, இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதே நல்ல வழி. கஞ்சா போன்ற போதைப் பழக்கம் இருந்தால் மூன்றாவது கோடும் வேண்டும். அதை நிறுத்தி ஏறக்குறைய ஒரு மாதம் ஆன பிறகும் அறிகுறிகள் நீடித்தால், போதையை மட்டும் காரணமாகச் சொல்வது கடினம்.

இந்த எல்லைக்கோடுகள் இயற்கை போட்டவை அல்ல, நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்டவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மனச்சிதைவுக்கு ஒரு மாதம் போதும். நம் மாணவருக்கு மே 10 அன்று டி.எஸ்.எம். ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம் என்கிறது, ஐ.சி.டி.யின்படி அதே நாளில் அது மனச்சிதைவு. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயைத் தீர்மானிக்க ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களில் ஐ.சி.டி.யின் புதிய பதிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எந்தக் கையேட்டின்படி என்று சொல்லாமல் விடை எழுதும் மாணவர், சரியாக எழுதியும் மதிப்பெண் இழக்கக்கூடும்.

காலக்கெடு பெயரிடுவதற்கே தவிர, சிகிச்சைக்கு அல்ல. 6 மாதம் முடியட்டும் என்று எந்த மருத்துவரும் காத்திருப்பதில்லை. முதல் நாளிலேயே மருந்து தொடங்கலாம். டி.எஸ்.எம். தரும் கணக்கின்படி, தற்காலிகமாக ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம் என்று பெயரிடப்படுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 6 மாதத்துக்குள் குணமாகிறார். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் மனச்சிதைவு அல்லது ஸ்கிசோஅஃபெக்டிவ் என்று பெயர் மாறுகிறது. எந்தப் பெயர் என்பதைத் தீர்மானிக்க மருத்துவருக்குத் தேவையான முக்கியத் தகவல் வீட்டாரிடம்தான் இருக்கிறது: மகன் வகுப்புக்குப் போவதை நிறுத்தியது எந்த மாதம், தூக்கம் மாறியது எப்போது, குரல் கேட்பதாக முதலில் சொன்னது என்றைக்கு.