இரண்டாவது சுற்றில் காணாமல் போகும் எண்கள்

மூன்று செலவுகளைக் கூட்டி, மொத்தத்தில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று காட்ட வேண்டும். பைத்தானில் இப்படி எழுதலாம்:

```python
செலவு = (int(x) for x in ["40", "60", "100"])
மொத்தம் = sum(செலவு)
for s in செலவு:
    print(s / மொத்தம் * 100)
```

மொத்தம் 200 என்று சரியாகவே வருகிறது. சதவீதங்களோ ஒன்றுகூட அச்சாவதில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

வளைவு அடைப்புக்குறிக்குள் எழுதியது பட்டியல் அல்ல, ஜெனரேட்டர். அது எண்களைச் சேமித்து வைப்பதில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக உருவாக்கித் தரும். `sum` மூன்றையும் வாங்கி முடித்ததும் ஜெனரேட்டர் தீர்ந்துவிடுகிறது. அது மறுபடி முதலிலிருந்து தொடங்காது. அதன்பின் எப்போது கேட்டாலும் `StopIteration` என்ற சமிக்ஞைதான் கிடைக்கும். `for` அதை வழக்கமான முடிவாகவே எடுத்துக்கொள்வதால் சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறது.

சந்தேகம் வந்தால், சுழலுக்குச் சற்று முன் `print(list(செலவு))` என்று போட்டுப் பார்க்கலாம். `[]` வந்தால் ஜெனரேட்டர் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஆனால் தீராத ஜெனரேட்டரை இந்தச் சோதனையே தீர்த்துவிடும். பார்த்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.

தீர்வு எளிது: முதல் வரியில் வளைவு அடைப்புக்குறிக்குப் பதில் சதுர அடைப்புக்குறி. அப்போது 20, 30, 50 என மூன்று சதவீதங்களும் வரும். பல ஜிகாபைட் கோப்பை இப்படிப் பட்டியலாக்கினால் நினைவகம் தாங்காது. அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பைப் புதிதாகத் திறந்து புது ஜெனரேட்டரைத் தரும் ஒரு செயற்கூறு எழுதிக்கொள்வார்கள்.