படம் நன்றாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கில் அமெரிக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அங்கே பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்துக்கான மதிப்பைச் சம்பாதித்துக்கொள்ள ஏபி என்ற தேர்வுகள் உண்டு. அவற்றை நடத்தும் காலேஜ் போர்டு, அந்த ஆண்டு மாணவர்களை வீட்டிலிருந்தே எழுதச் சொன்னது. கையால் எழுதிய விடையைப் போனில் படமெடுத்து, குறித்த நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்றிவிடலாம் என்பது ஏற்பாடு. ஐபோனில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஏற்ற முயன்ற சிலர் அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். தளம் JPG, JPEG, PNG ஆகிய வகைகளை மட்டுமே வாங்கிக்கொண்டது. அவர்கள் கையில் இருந்ததோ .HEIC என்று முடியும் கோப்பு. ஒரு மாணவர் அவசரத்தில் கோப்பின் பெயரில் இருந்த அந்த நான்கு எழுத்தை அழித்து PNG என்று மாற்றிப் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. விடையை ஏற்ற முடியாமல் போனவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் என்றது காலேஜ் போர்டு. ஆனால் அந்த ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்கள் ஜூன் மாதம் மறுபடி தேர்வு எழுத வேண்டியிருந்தது.

நம் ஊர் பிரவுசிங் சென்டரிலும் போட்டோ ஸ்டுடியோவிலும் இதே கோப்பு வந்து நிற்கிறது. பென் டிரைவைச் செருகிப் பார்த்தால் படத்துக்குப் பதில் வெள்ளைத் தாள் போல ஒரு ஐகான். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுங்க" என்று பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையில்லை. படம் முழுசாகத்தான் இருக்கிறது.

இது தொடங்கியது 2017-இல். அந்த ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வெளியிட்டபோது, ஐபோன் 7 முதல் எல்லா ஐபோன்களிலும் படங்களை இந்தப் புது வகையிலேயே சேமிக்கும்படி ஆப்பிள் அமைத்தது. யாரிடமும் கேட்கவில்லை, போனைப் புதுப்பித்த மறுநாளிலிருந்து எடுத்த படங்கள் HEIC ஆகிவிட்டன. அதற்குக் காரணம் இடம்தான். ஐபோனின் வழக்கமான 12 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 4032, நெடுக்கே 3024 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களை அப்படியே எழுதிவைத்தால் ஒரே படம் 36 எம்பிக்கு மேல் போய்விடும். JPEG அதைச் சுமார் மூன்று, நான்கு எம்பியாகச் சுருக்குகிறது. HEIC ஏறக்குறைய அதே தரத்தில் அதிலும் பாதியாக்குகிறது. போனில் பத்தாயிரம் படம் வைத்திருப்பவருக்கு இது பல ஜிபி மிச்சம்.

எப்படிப் பாதியாகிறது? JPEG 1992-இல் தரநிலையான முறை. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஏறக்குறையத் தனித்தனியாகச் சுருக்கும். கோபுரத்துக்குப் பின்னால் வெறும் நீல வானம் பரந்திருந்தாலும், அதையும் அதே எட்டுக்கு எட்டாக வெட்டியே தீரும். புது முறை அவ்வளவு பிடிவாதக்காரன் இல்லை. வானம் போல மாற்றமில்லாத இடத்தில் 64-க்கு 64 வரை பெரிய கட்டமாக எடுத்துக்கொள்கிறது. கோபுரத்துச் சிற்பங்கள் நெருங்கும் இடத்தில் நாலுக்கு நாலு வரை பொடிப்பொடியாகப் பிரிக்கிறது. அதோடு நிற்பதில்லை. ஒரு கட்டத்தை எழுதும் முன், அதற்கு மேலேயும் இடப்பக்கமும் ஏற்கெனவே எழுதி முடித்த கட்டங்களின் ஓரத்தைப் பார்த்து, இது எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகிக்க 35 வழிகள் வைத்திருக்கிறது. கோடுகள் எந்தச் சாய்வில் போகின்றன என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பிறகு, ஊகம் எவ்வளவு பிசகியது என்பதை மட்டும் எழுதினால் போதும். பிசகு சிறிதாக இருக்கும், அதை எழுத இடமும் கொஞ்சமே வேண்டும்.

இந்தச் சுருக்கும் முறைக்குப் பெயர் HEVC, H.265 என்றும் சொல்வார்கள். 2013-இல் வந்தது. உண்மையில் இது வீடியோவுக்காக உருவான முறை. HEIC படம் என்பது, எளிமையாகச் சொன்னால், வீடியோவின் ஒரே ஒரு பிரேமைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தியது. அந்தப் பிரேமை வைக்கும் உறைக்கு HEIF என்று பெயர், 2015-இல் தயாரானது. MP4 கோப்பு எந்த அடிப்படையில் கட்டப்பட்டதோ அதே அடிப்படைதான் இதற்கும். ஐபோன் அந்த உறைக்குள் முழுப் படத்தை ஒரே துண்டாகக்கூட வைப்பதில்லை. 12 மெகாபிக்சல் படத்தை 512-க்கு 512 புள்ளி கொண்ட 48 ஓடுகளாக, குறுக்கே எட்டு, நெடுக்கே ஆறாகப் பிரித்து, தனித்தனியாகச் சுருக்கி, எந்த ஓடு எங்கே சேர வேண்டும் என்ற குறிப்போடு வைக்கிறது. கூடவே சின்ன முன்னோட்டப் படம், எடுத்த தேதி போன்ற விவரங்கள்.

ஆகவே இந்தக் கோப்பைத் திறக்கும் கம்ப்யூட்டருக்கு இரண்டு தெரிந்திருக்க வேண்டும். உறையைப் பிரித்து உள்ளே என்ன எங்கே என்று பார்க்கத் தெரிய வேண்டும். பிறகு HEVC சுருக்கத்தை விரித்து 48 ஓடுகளையும் ஒட்டத் தெரிய வேண்டும். விண்டோஸ் 7 வந்தது 2009-இல். அப்போது இந்த இரண்டில் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. மைக்ரோசாப்ட் பின்னால் விண்டோஸ் 10-க்கு இந்தத் திறமையை ஊட்டியது, ஆனால் விண்டோஸ் 7-க்குக் கொடுக்கவேயில்லை. 2020 ஜனவரியோடு அதன் பராமரிப்பும் நின்றது. கம்ப்யூட்டரின் வலு இதில் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வினாடிக்கு முப்பது பிரேம் ஓட வேண்டிய வீடியோ என்றால் பழைய புராசசர் திணறும். ஒரே ஒரு படத்தை விரிக்க அதற்குத் தாராளமாக முடியும். ரேம் கூட்டினால் படம் திறக்கும் என்று யாராவது சொன்னால் காசை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, பழைய கம்ப்யூட்டரின் கதை அது. விண்டோஸ் 10 உள்ள, பார்த்தால் புதிதாகவே இருக்கும் லேப்டாப்பும் ஏன் கைவிரிக்கிறது? அங்கே காரணம் காலம் அல்ல, காப்புரிமை. HEVC-க்குள் இருக்கும் உத்திகளுக்கு ஏராளமான நிறுவனங்கள் உரிமை வைத்திருக்கின்றன. அவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டணம் வாங்கினாலாவது சுலபம், அதுவும் நடக்கவில்லை. எம்பெக் எல்ஏ ஒரு கூட்டு, 2015-இல் அமைந்த ஹெவிக் அட்வான்ஸ் இன்னொரு கூட்டு என்று தனித்தனியாக வசூல் நடந்தது. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் விண்டோஸோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அதனால் மைக்ரோசாப்ட் வேலையை இரண்டாக வெட்டியது. உறையைப் பிரிக்கும் பகுதியை 'HEIF Image Extensions' என்ற பெயரில் தன் ஸ்டோரில் இலவசமாக வைத்தது. சுருக்கத்தை விரிக்கும் பகுதியான 'HEVC Video Extensions' என்பதற்கு 99 அமெரிக்க சென்ட் விலை வைத்தது. சில லேப்டாப் நிறுவனங்கள் அந்தக் கட்டணத்தைத் தாங்களே கட்டி, அதை உள்ளே போட்டே விற்கின்றன. ஒரே விலையில் வாங்கிய இரண்டு லேப்டாப்பில் ஒன்று படத்தைத் திறக்கும், இன்னொன்று திறக்காது என்ற விசித்திரம் இப்படித்தான் வருகிறது. படத்தைத் திறக்கப் போனால் 'Video Extension' வேண்டும் என்று விண்டோஸ் ஏன் கேட்கிறது என்று குழம்புபவர்கள் உண்டு. வீடியோ பிரேம்தான் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் குழப்பமில்லை.

இனி, பெயரை மாற்றிப் பார்த்த அந்த மாணவரின் வழி. அது ஏன் பலிக்காது என்றால், பருப்பு டப்பாவில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டினாலும் உள்ளே பருப்புதானே. கோப்பின் பெயரில் கடைசியில் வரும் எழுத்துகள் வெறும் சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதல் சில பைட்டுகள் சொல்லும். சந்தேகம் வந்தால் நீங்களே பார்க்கலாம்: கோப்பை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகள் கொட்டும், ஆனால் முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள். `ftypheic` என்று தெரிந்தால் பெயர் JPG ஆக இருந்தாலும் அது HEIC-தான். `JFIF` அல்லது `Exif` என்று அங்கேயே தெரிந்தால் பெரும்பாலும் உண்மையான JPEG. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். நோட்பேடில் சேமித்தால் படம் நிஜமாகவே கெட்டுப்போகும்.

கேபிள் வழியாக ஏற்றும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஐபோனில் Settings-இல் Photos பகுதிக்குள் 'Transfer to Mac or PC' என்று ஒரு இடம் இருக்கிறது. அது 'Automatic' என்று இருந்தால், கம்ப்யூட்டருக்குப் படம் போகும்போதே போன் அதை JPEG ஆக மாற்றி அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்து இழுத்துப்போட்டால், நடுவில் 'A device attached to the system is not functioning' என்று சொல்லிவிட்டு விண்டோஸ் நின்றுவிடுவதுண்டு. கேபிளையோ போனையோ குறை சொல்ல வேண்டாம். வழியிலேயே நடக்கும் மாற்றம் தடுமாறுகிறது. 'Keep Originals' என்று மாற்றினால் தடையில்லாமல் வரும், HEIC ஆகவே வரும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மாற்றுவதற்கு எத்தனையோ இணையதளங்கள் உண்டு. ஆதார் அட்டையின் படத்தையும் குழந்தையின் படத்தையும் முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேவையும் இல்லை. ஒன்றிரண்டு படம் என்றால் ஐபோனிலேயே முடியும்: படத்தை 'Files' செயலியில் சேமித்து, அதை அழுத்திப் பிடித்தால் 'Quick Actions' என்பதற்குள் 'Convert Image' இருக்கும், ஐஓஎஸ் 16 முதல். அங்கே JPEG தேர்ந்தால் பக்கத்திலேயே ஒரு நகல் உருவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் JPEG ஆகித்தான் போகும், ஆனால் தரமும் அளவும் குறைந்துவிடும். பிரிண்ட் போடுவதற்கு அது உதவாது. மேக் கம்ப்யூட்டரில் இருப்பவர்களுக்கு, 2017-இன் ஹை சியரா முதல், டெர்மினலில் ஒரே வரி போதும்:

```
sips -s format jpeg IMG_0123.HEIC --out IMG_0123.jpg
```

அடிக்கடி விண்ணப்பங்களுக்குப் படம் ஏற்றுகிறவர், ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுகிறவர் என்றால் போனின் அமைப்பையே மாற்றிவிடலாம். Settings, Camera, Formats என்று போய் 'Most Compatible' தேர்ந்தால் அடுத்து எடுக்கும் படங்கள் JPEG ஆகவே பதிவாகும். ஏற்கெனவே எடுத்தவை மாறாது. படம் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், 4K வீடியோவை வினாடிக்கு 60 பிரேமில் எடுக்க முடியாது. மற்றவர்கள் 'High Efficiency' என்றே விட்டுவிட்டு, தேவையான படத்துக்கு மட்டும் நகல் எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நகல் கிடைத்த சந்தோஷத்தில் மூலத்தை அழித்துவிடாதீர்கள். HEIC-இலிருந்து JPEG ஆகும்போது படம் மறுபடி ஒரு முறை சுருக்கப்படுகிறது, கொஞ்சம் நுணுக்கம் போகும். போர்ட்ரெய்ட் படங்களில் பின்புலத்தை மங்கலாக்கப் போன் பதிந்துவைத்த ஆழத் தகவலும் நகலில் இல்லாமல் போகலாம்.