நுண்ணோக்கிப் படத்தில் விந்தணுக்களை மதிப்பிடுதல்

விந்துப் பகுப்பாய்வு என்பது விந்தில் உள்ள விந்தணுக்களின் எண்ணிக்கை, நகர்திறன், வடிவம் ஆகியவற்றை அளந்தறியும் ஆய்வகச் சோதனை ஆகும். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியருக்குச் செய்யப்படும் முதற்கட்டச் சோதனைகளுள் இதுவும் ஒன்று. சில ஆய்வகங்கள் அறிக்கையோடு நுண்ணோக்கிப் படம் ஒன்றையும் இணைத்துத் தருவதுண்டு. அப்படத்தைப் பார்த்து, அணுக்கள் குறைவு என்றோ கோணலானவை என்றோ முடிவு செய்வது எளிது. ஆனால் இந்த மூன்று பண்புகளையும் ஒரே படத்திலிருந்து அறிய இயலாது. எண்ணிக்கையை அறியப் படத்தில் அடங்கிய விந்தின் கன அளவு தெரிந்திருக்க வேண்டும். நகர்திறனை அறிய நேரம் கணக்கில் வர வேண்டும். வடிவத்தை அறியச் சாயமேற்றிய தகடு வேண்டும்.

## எண்ணிக்கை

நன்கு கலக்கிய விந்தில் 10 மைக்ரோலிட்டரை ஸ்லைடு எனப்படும் கண்ணாடித் தகட்டில் இட்டு, 22 மி.மீ. பக்கமுள்ள சதுரக் கவர் ஸ்லிப்பால் மூடினால், இடையே சுமார் 20 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள படலம் உருவாகும். 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்வைப் புலத்தின் விட்டம் 500 மைக்ரோமீட்டர் என்றால், அப்புலத்தில் அடங்குவது ஏறத்தாழ 4 நானோலிட்டர் விந்து. ஆகவே ஒரு புலத்தில் தெரியும் ஒவ்வொரு 4 விந்தணுவும் மில்லிலிட்டருக்கு 10 இலட்சம் என்ற செறிவைக் குறிக்கும்.

இக்கணக்கு ஆழத்தைச் சார்ந்தது. அதே 10 மைக்ரோலிட்டரை 18 மி.மீ. கவர் ஸ்லிப்பால் மூடினால் படலத்தின் ஆழம் சுமார் 31 மைக்ரோமீட்டராக உயரும். 54 அணுக்கள் தெரிந்த இடத்தில் இப்போது 80 தெரியும். விந்து மாறவில்லை, அடுக்கின் தடிமன் மட்டுமே மாறியது. படத்தின் ஓரங்களை வெட்டிச் சிறிதாக்கியிருந்தால் பரப்பும் தெரியாது. எனவே பார்வைப் புலத்து எண்ணிக்கை, விந்தை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்று தீர்மானிக்க மட்டுமே பயன்படுகிறது.

சரியான எண்ணிக்கை நியூபாவர் எண்ணறையில் எடுக்கப்படுகிறது. இது 0.1 மி.மீ. ஆழமும் பொறிக்கப்பட்ட கட்டங்களும் கொண்ட தடித்த கண்ணாடித் தகடு. இதன் நடுக்கட்டத்தில் 5 வரிசைகள் உள்ளன; ஒவ்வொரு வரிசையின் மேலும் நிற்கும் திரவம் 20 நானோலிட்டர். விந்தணுக்களை அசையாமல் நிறுத்தும் பார்மலின் கலந்த கரைசலில் விந்தை நீர்க்கச் செய்து, இரு அறைகளில் தனித்தனியே நிரப்பி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 200 அணுக்கள் வரும்வரை வரிசை வரிசையாக எண்ணுவர். 200ஐத் தொட்டதும் நடுவில் நிறுத்தாமல் அந்த வரிசையை முழுமையாக முடிக்க வேண்டும்.

### ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாதிரியின் அளவு 3 மி.லி. என்று கொள்வோம். ஒரு பங்கு விந்துடன் 4 பங்கு கரைசல் சேர்க்கப்பட்டதால் அது 5 மடங்கு நீர்த்துள்ளது. முதல் அறையில் 4 வரிசைகளில் 208 அணுக்கள், இரண்டாம் அறையில் 4 வரிசைகளில் 220 அணுக்கள் எண்ணப்பட்டன. இரண்டின் கூடுதல் 428, வேறுபாடு 12. கூடுதல் 428 ஆக இருக்கையில், தற்செயலாகவே 40 வரை வேறுபாடு வரலாம் என்பதால் இவ்வெண்ணிக்கை ஏற்கத்தக்கது. வேறுபாடு அதற்கு மேல் இருந்தால் விந்து சரியாகக் கலக்கப்படவில்லை அல்லது எண்ணியதில் பிழை உள்ளது என்று பொருள். புதிதாக எடுத்து எண்ண வேண்டும்.

```
428 ÷ 8 = 53.5
53.5 ÷ 20 × 5 = 13.4
13.4 × 3 = 40
```

முதல் வரி ஒரு வரிசைக்கான சராசரி. இரண்டாவது, மில்லிலிட்டருக்கு 134 இலட்சம் என்ற செறிவு. மூன்றாவது, மாதிரி முழுவதிலும் சுமார் 4 கோடி என்ற மொத்த எண்ணிக்கை.

உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின் ஆறாம் பதிப்பு, செறிவுக்கு மில்லிலிட்டருக்கு 160 இலட்சத்தையும், மொத்த எண்ணிக்கைக்கு 390 இலட்சத்தையும் கீழ் எல்லைகளாகத் தருகிறது. எடுத்துக்காட்டு மாதிரியின் செறிவு எல்லைக்குக் கீழும், மொத்தம் எல்லைக்குச் சற்று மேலும் உள்ளன. இதில் முரண்பாடு ஏதுமில்லை. விந்துத் திரவம் மிகுந்திருந்தால் செறிவு குறைவாகத் தெரியும். ஆகவே செறிவை மட்டும் பார்க்காமல் மாதிரியின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேகரிக்கும்போது முதல் சில துளிகள் சிந்திவிட்டால் இரண்டுமே குறைந்துவிடும். விந்தணுக்களில் பெரும்பகுதி முதலில் வரும் பகுதியிலேயே உள்ளது.

## நகர்திறன்

நிழற்படத்தில் உயிருள்ள அணுவும் இறந்த அணுவும் ஒன்றுபோலவே தோன்றும். நகர்திறனை நேரில் பார்த்தோ காணொளியிலோதான் மதிப்பிட முடியும். விந்து இளகிய பின், கூடியவரை 30 நிமிடங்களுக்குள், தாமதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். தகடு 37 பாகை செல்சியசில் இருப்பது நல்லது. குளிர்ந்த தகட்டில் வேகம் குறையும்.

அணுக்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. நொடிக்கு 25 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கு மேல் முன்னேறுபவை விரைவானவை. 5 முதல் 25க்குள் முன்னேறுபவை மெதுவானவை. வாலை ஆட்டினாலும் இடம் பெயராதவை மூன்றாம் வகை. அசைவே இல்லாதவை நான்காம் வகை. முன்னேறும் அணுக்கள் 30 விழுக்காடு, அசையும் அணுக்கள் அனைத்தும் சேர்ந்து 42 விழுக்காடு என்பன கீழ் எல்லைகள். 200 அணுக்களில் விரைவானவை 44, மெதுவானவை 30, இடம் பெயராதவை 18, அசையாதவை 108 எனில், முன்னேறுபவை 37 விழுக்காடும் அசைபவை மொத்தம் 46 விழுக்காடும் ஆகும்.

இங்கு நேரும் பொதுவான பிழை, எண்ணும்போது புலத்துக்குள் நீந்தி வரும் அணுக்களையும் சேர்ப்பது. அதனால் நகர்திறன் கூடுதலாகத் தெரியும். ஒரு கணத்தில் கட்டத்துக்குள் இருப்பவற்றை மட்டுமே எண்ண வேண்டும். எல்லா அணுக்களும் ஒரே திசையில் நகர்வதாகத் தெரிந்தால் அது நீச்சல் அன்று. கவர் ஸ்லிப்பின் கீழ் திரவம் ஓடுகிறது. ஓட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அசையாதவை மிகுதியாக இருந்தால், இயோசின் சாயத்தால் அவை இறந்தவையா என்று பார்க்கப்படும். இறந்த அணுவின் தலை சிவப்பாகும், உயிருள்ளது சாயமேறாது.

## வடிவம்

வடிவத்தை அறிய விந்தைத் தகட்டில் மெல்லியதாகத் தேய்த்து, உலர்த்தி, பாப்பனிகொலாவ் முறை போன்ற ஒன்றில் சாயமேற்றி, எண்ணெய் வில்லையின் கீழ் 1000 மடங்கில் காண்பர். சாயமேற்றாத 400 மடங்குப் படத்தில், பக்கவாட்டில் திரும்பிய தலை மெலிந்தும், குவியம் தவறிய தலை பருத்தும் தெரியும். வீட்டில் கோணல் என்று கருதப்படுவதில் ஒரு பகுதி இவ்வாறான தோற்றமே.

இயல்பான அணுவின் தலை வழவழப்பான நீள்வட்டமாக, சுமார் 4 மைக்ரோமீட்டர் நீளமும் 3 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டிருக்கும். தலையின் முன்பகுதியில் தொப்பிபோல் அமைந்த நுனிமூர்த்தம் தலைப்பரப்பில் 40 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும். நடுப்பகுதி மெல்லியதாக, தலைக்கு நேராக அமையும். வால் தலையைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு நீளமுடையது. ஐயத்துக்கிடமான அணுவை இயல்பற்றது என்றே கணக்கிட வேண்டும். இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதால்தான் கீழ் எல்லை 4 விழுக்காடாக உள்ளது. "96 விழுக்காடு இயல்பற்றவை" என்ற வரியைக் கண்டு அஞ்சுவோர் இதைக் கருத வேண்டும்.

200 அணுக்களில் 8 இயல்பானவை எனில் அது 4 விழுக்காடு. தற்செயல் வேறுபாட்டைக் கணக்கிட்டால், உண்மை மதிப்பு சுமார் 2 முதல் 8 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். ஆகவே ஒரு மாதம் 3, மறு மாதம் 5 என்று வந்தால் அதை முன்னேற்றம் என்றோ, தலைகீழாக வந்தால் சரிவு என்றோ சொல்ல இயலாது.

## எல்லை மதிப்புகளின் பொருள்

மேற்கண்ட எல்லைகள், துணைவியர் 12 மாதங்களுக்குள் கருவுற்ற ஆண்களின் மாதிரிகளிலிருந்து பெறப்பட்டவை. அந்த ஆண்களிலும் 5 விழுக்காட்டினரின் அளவு ஒவ்வோர் எல்லைக்கும் கீழேயே இருந்தது, அவர்களும் தந்தையானவர்களே. எனவே எல்லைக்குக் கீழே இருப்பது மலட்டுத்தன்மைக்குச் சான்றன்று. மேலே இருப்பது கருத்தரிப்புக்கு உறுதியும் அன்று. விந்தணு அளவுகள் ஒருவரிடமே வாரத்துக்கு வாரம் மாறும். காய்ச்சலுக்குப் பின் சில மாதங்கள் குறைந்திருக்கக்கூடும். 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி தர வேண்டும். முதல் முடிவு குறைவாக வந்தால் மற்றொரு மாதிரியையும் பார்த்த பின்னரே மருத்துவர் முடிவு கூறுவார்.