பணம் எடுக்கப்படாவிட்டால் சந்தா நின்றுவிடுமா?

பிள்ளைகளின் படிப்புச் செயலிக்கு மாதம் 299 ரூபாய், யுபிஐ ஆட்டோபே மூலம் 5ஆம் தேதி போகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியில் சனிக்கிழமைதான் சம்பளம். 5ஆம் தேதி கணக்கில் பணம் இல்லை. அத்துடன் சந்தா நின்றுவிடாது. முதல் முயற்சி தவறினால் இன்னும் மூன்று முறை வரை முயலலாம். பல நிறுவனங்கள் சில நாள் அவகாசமும் தரும். அதற்குள் வாடகைக்கென்று போட்ட சம்பளத்திலிருந்து 299 ரூபாய் போய்விடக்கூடும்.

போனிலிருந்து செயலியை நீக்கினாலும் நாம் கொடுத்த அனுமதி நீங்காது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வேண்டாத சந்தாவென்றால், அந்தத் தகவல் வந்ததுமே செயலிக்குள் சந்தாவை ரத்து செய்யுங்கள். பிறகு கூகுள் பே, போன்பே போன்றவற்றில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அனுமதியையும் ரத்து செய்யுங்கள்.