ரீசார்ஜ் தேதியைப் போனுக்குச் சொல்லிவிட்டீர்களா?

மருந்துக்கடையில் பில் போட்டாகிவிட்டது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டேட்டா தீர்ந்துபோன செய்தி பலருக்கு இப்படித்தான், பின்னால் நாலு பேர் நிற்கும்போது தெரியவருகிறது. தீர்வதற்கு முன்பே எச்சரிக்கும் வசதி ஆண்ட்ராய்டு போன்களில் 2011-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் அந்த வசதிக்கு இரண்டு விவரங்களை நாம்தான் சொல்லித் தரவேண்டும். நம் பேக் என்றைக்குத் தொடங்குகிறது, அதில் எவ்வளவு டேட்டா இருக்கிறது என்பவை அவை. சொல்லாவிட்டால் போன் தானாக ஒரு தேதியையும் ஓர் அளவையும் வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்த அளவு 2 ஜிபி. உங்கள் பேக்குக்கும் அந்த 2 ஜிபிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால்தான் சிலருக்குக் காரணமே இல்லாமல் எச்சரிக்கை வருகிறது. சிலருக்கு வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை.

முதலில் அந்த இடத்துக்குப் போகும் வழி. கூகுளின் பிக்சல் போலக் கலப்பில்லாத ஆண்ட்ராய்டு போன் என்றால் Settings திறந்து Network & internet போய், உங்கள் சிம்மின் பக்கத்தைத் தொட்டால் Data warning & limit என்று இருக்கும். சாம்சங்கில் Connections, அதற்குள் Data usage, அதற்குள் Billing cycle and data warning. மற்ற கம்பெனிகளின் போன்களில் பெயர் கொஞ்சம் மாறும். தேடிக் களைக்கவேண்டாம். Settings-இன் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் data warning அல்லது data usage என்று தட்டினால் போதும், அதுவே கொண்டுபோய் விடும்.

அங்கே மூன்று காரியங்கள் உண்டு. கணக்கு தொடங்கும் தேதி ஒன்று. எச்சரிக்கை அளவு ஒன்று. அதைத் தொட்டதும் அறிவிப்பு மட்டும் வரும், நெட் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது உச்ச வரம்பு. அதைத் தொட்டால் போனே மொபைல் டேட்டாவை நிறுத்திவிடும். மூன்றிலும் தேதிதான் முக்கியம். பலரும் அளவை மட்டும் மாற்றிவிட்டுத் தேதியைத் தொடாமல் வந்துவிடுகிறார்கள்.

இதற்கு என் பெரியம்மாவின் போனையே எடுத்துக்கொள்கிறேன். அவர் போடுவது 28 நாளைக்கு மொத்தமாக 6 ஜிபி தரும் பேக். ஒருநாள் கூப்பிட்டு, “தம்பி, வீட்ல யாரும் படம்கூடப் பாக்கிறதில்ல. ஆனா நெட்டு பாதியிலயே தீந்துருதுப்பா. இந்தப் போன்ல ஏதாச்சும் பழுதா?” என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். தேதி 1 என்று இருந்தது. அவர் ரீசார்ஜ் செய்ததோ ஜூன் 9. அதாவது ஜூன் முதல் எட்டு நாளில் பழைய பேக்கில் செலவானதையும் புதிய பேக்கின் கணக்கிலேயே போன் சேர்த்துக்கொண்டிருந்தது. Usage cycle reset date என்ற இடத்தில் 9 என்று மாற்றினேன். நாள்வாரியான பழைய கணக்கைப் போன் சேமித்து வைத்திருப்பதால் தேதியை மாற்றியதுமே மொத்தம் திருத்தப்பட்டுவிட்டது. பேக்கின் நடுவில் மாற்றினாலும் சரியான கணக்குக் கிடைக்கும், அடுத்த ரீசார்ஜ் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. 6 ஜிபியை 28 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 215 எம்பி சுமார். எச்சரிக்கையை 4.5 ஜிபியில் வைத்தேன். அது வரும்போது மீதி 1.5 ஜிபி, ஏறக்குறைய ஒரு வாரத்துக்கான டேட்டா. இருபத்தோராம் நாள் வாக்கில் எச்சரிக்கை வந்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று பொருள். பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டால், மீதி 16 நாளை ஒரு நாளைக்கு 94 எம்பி வீதம் ஓட்டவேண்டும். இப்படி நாளோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த அறிவிப்பு பயன்படும். சிலர் 6 ஜிபி பேக்குக்கு 5.9-இல் எச்சரிக்கை வைக்கிறார்கள். அது வருவதும் நெட் போவதும் ஒரே நாளில் நடந்துவிடும். சுதாரித்துக்கொள்ள நேரமே இருக்காது.

இத்தோடு முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டின் கணக்கு மாதத்துக்கு மாதம், ஒரே தேதியில் புதுப்பிப்பது. மாதாந்திர பில் கட்டும் போஸ்ட்பெய்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். நம் ஊரில் பெரும்பாலோர் போடும் பிரீபெய்டு பேக்கோ 28 நாள். ஜூன் 9-இல் போட்டது ஜூலை 6-உடன் முடியும். அடுத்த ரீசார்ஜ் ஜூலை 7, அதற்கடுத்தது ஆகஸ்ட் 4, அதற்கடுத்தது செப்டம்பர் 1. தேதியை 9-லேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜூலை 7, 8 இரண்டு நாள் செலவு பழைய மாதக் கணக்கில் போய்விடும். 9-ஆம் தேதி போன் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். போன் 4.5 ஜிபி என்று சொல்லும்போது உண்மையில் 4.9 செலவாகியிருக்கும். ஆகஸ்டில் விடுபடுவது ஐந்து நாள். எச்சரிக்கை வரும்போது 5.6 ஆகியிருக்கும். செப்டம்பரில் எட்டு நாள் விடுபடும். அப்போது கணக்கு 6.2-ஐத் தொடும், அதாவது டேட்டா தீர்ந்து முடிந்த பிறகும் எச்சரிக்கை வந்திருக்காது. ஆரம்பத்தில் சரியாக வைத்த அலாரம் மூன்றே ரீசார்ஜில் பயனற்றுப்போகிறது.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒவ்வொரு முறை ரீசார்ஜ் செய்யும்போதும் அன்றைய தேதியை அங்கே மாற்றிவிடுவது ஒன்று. அரை நிமிட வேலை, ஆனால் மறந்துபோகும். இன்னொன்று, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக்குக்கு மாறுவது. அப்படி ஒரு பேக்காவது இருக்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டது. விலையையும் டேட்டாவையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கையை நம்பியிருக்கும் முதியவர்களின் போனுக்கு அந்த பேக்தான் நல்லது என்பது என் கருத்து. தேதியை ஒருமுறை வைத்தால் பிறகு தொடவே வேண்டாம்.

உச்ச வரம்பு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வரம்பைத் தொட்டதும் Mobile data limit reached என்று அறிவிப்பு வந்து நெட் நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் கொடுத்திருந்தால் அதுவும் நிற்கும். சாதாரண போன் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்யும்; வாட்ஸ்அப்பும் யுபிஐயும் செய்யாது. பேக்கில் இன்னும் அரை ஜிபி இருந்தாலும் செய்யாது, ஏனென்றால் நிறுத்தியது உங்கள் போன், கம்பெனி அல்ல. அந்த அறிவிப்பைத் தொட்டு Resume கொடுத்தால் மீண்டும் ஓடும் என்பது தெரியாமல் சிம்மைக் கழற்றி மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. பிரீபெய்டில் பேக் தீர்ந்தால் வேகம் குறையும் அல்லது நெட் நிற்கும், அவ்வளவுதான். கூடுதல் பில் வராது. ஆகவே பிரீபெய்டுக்கு எச்சரிக்கை மட்டும் போதும். அளவைத் தாண்டினால் எம்பி கணக்கில் காசு போடும் போஸ்ட்பெய்டுக்கும், பிள்ளைகள் கையில் இருக்கும் போனுக்கும்தான் உச்ச வரம்பு தேவை. அதைக்கூடப் பேக்கின் அளவுக்குச் சற்றுக் குறைவாகவே வைக்கவேண்டும். போன் எண்ணுவதும் கம்பெனி எண்ணுவதும் எப்போதும் எம்பி பிசகாமல் ஒத்துப்போவதில்லை. கம்பெனி அனுப்பி உங்கள் போனுக்கு வந்து சேராத டேட்டாவும் அவர்கள் கணக்கில் ஏறலாம். தகராறு என்று வந்தால் செல்லுபடியாவது அவர்கள் கணக்குத்தான். வாரம் ஒருமுறை கம்பெனியின் ஆப்பில் மீதியைப் பார்த்து, போன் காட்டுவதோடு ஒப்பிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

தினசரி 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் பேக் வைத்திருப்பவர்கள், இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதக் கணக்கு எண்ணும் அலாரத்தால் நள்ளிரவில் புதுப்பிக்கும் தினசரி அளவைக் கண்காணிக்க முடியாது. சில கம்பெனிகள் தங்கள் போன்களில் தினசரி வரம்பைத் தனியாகச் சேர்த்திருக்கின்றன. Data usage பக்கத்தில் daily என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி அனுப்பும் எஸ்எம்எஸ்தான் கைகொடுக்கும். டேட்டாவில் பாதி, 90 சதவீதம், முழுவதும் செலவாகும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது டிராயின் விதி. விளம்பரத் தொல்லை தாங்காமல் நாம் கம்பெனி எஸ்எம்எஸ்ஸை மொத்தமாக ஊமையாக்கி வைத்திருப்போம். அதில் இந்தச் செய்தியும் அடங்கிப்போகிறது. மெசேஜ் ஆப்பில் அந்த அனுப்புநரின் அறிவிப்பை மட்டும் மீண்டும் திறந்துவிடுங்கள். தினசரி அளவு தீர்ந்தபின் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் ஒரு எம்பி போட்டோ வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஐபோனில் இந்த அலாரம் கிடையாது. Mobile Data பக்கத்தில் Current Period என்று ஒரு கணக்கு ஓடும். ஆனால் மாதம் பிறந்தால் அது தானாகப் பூஜ்யமாகாது. பக்கத்தின் அடியில் இருக்கும் Reset Statistics-ஐ ரீசார்ஜ் அன்று நாமே தட்டவேண்டும். எச்சரிக்கைக்குக் கம்பெனியின் ஆப்பையும் எஸ்எம்எஸ்ஸையும்தான் நம்பவேண்டும். இரண்டு சிம் போட்ட ஆண்ட்ராய்டில் எச்சரிக்கை சிம்முக்குச் சிம் தனி. ஒன்றில் வைத்துவிட்டு, டேட்டாவை மற்றதற்கு மாற்றினால் அது வாய் திறக்காது.

பெரியம்மாவின் போனுக்கு அந்த எச்சரிக்கை பதினான்காம் நாளே வந்தது. You've used என்று தொடங்கும் அறிவிப்பைப் பார்த்ததும் கூப்பிட்டுவிட்டார். அதே Data usage பக்கத்தில் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் வரும், முதலிடத்தில் வாட்ஸ்அப். நாலு குடும்பக் குரூப், இரண்டு கோயில் குரூப். வருகிற வீடியோ ஒவ்வொன்றும் அவர் திறக்காமலே இறங்கிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பின் Settings-இல் Storage and data போய், When using mobile data என்பதற்குள் வீடியோவுக்கு இருந்த டிக்கை எடுக்கச் சொன்னேன். “அப்போ வீடியோ வராதா?” என்று கேட்டார். வரும் பெரியம்மா, நீங்கள் தொட்டால் மட்டும் இறங்கும் என்றேன். அடுத்த பேக்கில் எச்சரிக்கை இருபத்து மூன்றாம் நாள் வந்தது.